நாலில் மூன்றை வெட்டுவது எப்படி: கீறிட்ட இடத்தில் சறுக்கும் பிள்ளைகளுக்கு

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், கோயிலை ஒட்டிய சின்ன மண்டபத்தில் பின்னேரம் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்களுடைய விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கட்டுரையில் எழுவாயையும் பயனிலையையும் ஒழுங்காக இணைத்து எழுதுகிற பிள்ளை, அதே இலக்கணம் பல்தேர்வு வினாவாக வந்தால் தடுமாறும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று கீறிட்ட இடங்களைக் கொடுத்து, அவற்றுக்கான சொற்களைச் சேர்த்துச் சேர்த்து நாலு விடைகளாகத் தரும் வினாக்களில்தான் இந்தத் தடுமாற்றம் கூடுதல்.

காரணம் இலக்கணம் தெரியாதது அல்ல. விடையைத் தேடுகிறார்கள், அதுதான் பிழை. இந்த வகை வினாவில் சரியான விடையைத் தேடக் கூடாது. பிழையான மூன்றை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கான காரணம் விடைக்குள் இருக்காது, வாக்கியத்துக்குள் இருக்கும். பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்கிற குறைகளை அவர்கள் சொல்கிற மாதிரியே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றையும் எப்படிச் சரிசெய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

“முதல் இடம் பொருந்தியது, புள்ளடி போட்டேன். பிழையாம், டீச்சர்.”

நான் வகுப்பில் கொடுத்த ஒரு வினா இது. ஆடி மாதக் காற்றில் லயத்துத் தகரம் பறப்பது இங்கே எல்லோரும் கண்ட காட்சிதான்.

“நேற்று மாலை வீசிய காற்றில் எங்கள் லயங்களின் கூரைத் தகரம் ஒன்று (அ) ………. அதை அண்ணனும் தம்பியும் (ஆ) ……… சென்று பற்றைக்குள் (இ) ……….”

(1) பறந்தன – தேடி – கண்டெடுத்தான்
(2) பறந்தது – தேடிச் – கண்டெடுத்தான்
(3) பறந்தது – தேடிச் – கண்டெடுத்தனர்
(4) பறந்தன – தேடிச் – கண்டெடுத்தனர்

ஒரு மாணவன் இரண்டாவது விடைக்குப் புள்ளடி போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். “தகரம் ஒன்று பறந்தது. சரியாகத்தானே வருது?” என்றான். சரிதான். ஆனால் அந்தச் சரி மூன்றாவது விடைக்கும் பொருந்தும். அவன் விடைகளை மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்திருக்கிறான். ‘பறந்தது’ முதலில் தென்பட்ட இடத்தில் நின்றுவிட்டான். மற்ற இரண்டு கீறிட்ட இடங்களும் அவன் கண்ணில் படவே இல்லை.

அவனுக்கு நான் செய்யச் சொன்னது இது. முதலில் விடைகளைக் கையால் மூடிவிடு. வாக்கியத்தைக் கடைசிப் புள்ளி வரை வாசி. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதனால் பாதியில் நின்றால் எதுவும் தெரியாது. அப்புறம் ஒவ்வொரு கீறிட்ட இடத்துக்கும் மேலே, அந்த இடம் என்ன கேட்கிறது என்று பென்சிலால் ஒரு சொல் எழுது.

அவனே எழுதினான். அ-வுக்கு மேலே ‘ஒருமை’. பறந்தது எது? தகரம். எத்தனை? ஒன்று. பக்கத்தில் ‘லயங்கள்’ என்று பன்மை இருந்தாலும் அது ‘லயங்களின்’ என்று வேற்றுமை உருபு ஏற்று நிற்கிறது. உருபு ஏற்ற பெயர் எழுவாயாக நிற்காது. ஆ-வுக்கு மேலே ‘அடுத்து செ’ என்று எழுதினான், ஏனென்றால் அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்குகிறது, ஒற்று வருமா என்பதுதான் அங்கே கேள்வி. இ-க்கு மேலே ‘இரண்டு பேர்’. அண்ணனும் தம்பியும் என்று இரண்டு ‘உம்’ இருக்கின்றன.

இப்போது கையை எடுத்துவிட்டு விடைகளைப் பார்க்க வேண்டும். ஆனால் குறுக்காக வாசிக்கக் கூடாது. மேலிருந்து கீழாக, ஒரு கீறிட்ட இடத்துக்கு உரிய சொற்களை மட்டும் பார்க்க வேண்டும். அ-வில் பறந்தன, பறந்தது, பறந்தது, பறந்தன. இரண்டுக்கு இரண்டு. ஆ-வில் தேடி ஒரு தடவை, தேடிச் மூன்று தடவை. இ-யில் மறுபடி இரண்டுக்கு இரண்டு.

இரண்டுக்கு இரண்டாகப் பிரிகிற இடம்தான் நமக்கு லாபம். அங்கே எது சரியாக இருந்தாலும் இரண்டு விடைகள் கட்டாயம் போய்விடும். அ ஒருமை கேட்கிறது, அதனால் (1), (4) வெட்டு. மிச்சம் (2), (3). இவை இரண்டும் எங்கே வேறுபடுகின்றன? இ-யில் மட்டும். அங்கே இரண்டு பேர், அதனால் ‘கண்டெடுத்தான்’ வெட்டு. விடை (3).

ஆ-வை நாம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதிலிருந்து தொடங்கியிருந்தால் ஒரே ஒரு விடைதான் போயிருக்கும். ஒற்று விதி நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் தெரிந்த இடத்தில் தொடங்கி, ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு, மிஞ்சிய மூன்றைப் பார்த்து முழிப்பார்கள். தெரிந்த இடத்தில் தொடங்குவது தப்பில்லை. ஆனால் இரண்டு இடங்கள் ஒரே அளவுக்குத் தெரியும் என்றால், இரண்டுக்கு இரண்டாகப் பிரிவதை எடுங்கள்.

தொடாமல் விட்ட ஆ-வுக்கும் ஒரு வேலை உண்டு. விடை கிடைத்ததும் மூன்று சொற்களையும் வாக்கியத்தில் போட்டு முழுதாக ஒரு தடவை வாசியுங்கள். ‘தேடிச் சென்று’ சரியாக உட்காருகிறதா? உட்காருகிறது, இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். அது உட்காராமல் போயிருந்தால், நாம் செய்த இரண்டு வெட்டுகளில் ஏதோ ஒன்று பிழை என்று அர்த்தம். கடையில் மிச்சக் காசை எண்ணிப் பார்ப்பது மாதிரிதான் இது.

பிள்ளைகள் சிலர் வேறு தந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். எந்தச் சொல் அதிக விடைகளில் வருகிறதோ அதுதான் சரி என்று எண்ணிப் பார்ப்பார்கள். மேலே உள்ள வினாவில் அப்படி எண்ணினால் (1) மட்டும் போகும், மற்ற மூன்றும் சமமாக நிற்கும். வினா எழுதுகிறவர்களுக்கும் எண்ணத் தெரியும்.

“காதுக்குச் சரியாகத்தான் இருக்கு. ஆனால் பிழையாம்.”

இதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற பெரிய வில்லங்கம். வீட்டில் பேசுகிற தமிழை வைத்துக்கொண்டு காதால் விடை போடுகிறார்கள். பேச்சுத் தமிழில் ஒரு குறையும் இல்லை, அதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் வினாத்தாள் கேட்பது எழுத்துத் தமிழின் ஒழுங்கை.

கொழுந்து நிறுக்கும் இடத்தை வைத்து ஒரு வினா பாருங்கள்.

“வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, ‘இது என் கூடை (அ) ………’ என்று கணக்கப்பிள்ளையிடம் (ஆ) ……….”

(1) அல்ல – கூறினர்
(2) அன்று – கூறினாள்
(3) அல்ல – கூறினாள்
(4) அன்று – கூறினர்

வகுப்பில் பாதிக்கு மேல் (3) என்றார்கள். ‘கூறினாள்’ சரிதான், பேசியது ஒருத்தி. ‘பெண்களில்’ என்ற பன்மையில் மயங்கி ‘கூறினர்’ போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மருந்து முன்பு சொன்னதுதான்: உருபு ஏற்ற பெயரைக் கைவிரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசி. ‘பெண்களில்’ மறைந்தால் ‘ஒருத்தி கூறினாள்’ என்று தானாகவே தெளிந்துவிடும்.

பிரச்சினை அல்ல, அன்று என்பதில். வீட்டில் ‘இது என் கூடை இல்ல’ என்கிறோம். அதை எழுத்துக்கு மாற்றச் சொன்னால் ‘அல்ல’ என்று வருகிறது. பத்திரிகைகளிலும் எல்லா இடத்திலும் ‘அல்ல’தான். அதனால் காதுக்கு ‘அன்று’ விநோதமாகக் கேட்கிறது, போன நாளைச் சொல்வது மாதிரி இருக்கிறது. ஆனால் இலக்கணத்தில் இந்தச் சொல்லும் எழுவாயோடு இயைய வேண்டும். அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. ‘இது’ ஒருமை. ஆகவே அன்று. விடை (2).

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எழுவாயைப் பன்மையாக்கிப் பார். ‘இவை என் கூடைகள் அல்ல.’ அங்கே ‘அல்ல’ தன் சொந்த இடத்தில் இருக்கிறது. அப்படியானால் ‘இது’வுக்கு வேறு சொல் வேண்டும் என்று புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாலு விடைகளிலும் ‘அல்ல’ மட்டும்தான் இருக்கிறது, ‘அன்று’ எங்கேயும் இல்லை என்றால், அந்த வினா இதைக் கேட்கவில்லை. அங்கே போய் ‘அல்ல பிழை’ என்று நாலையும் வெட்டிக்கொண்டு உட்காராதீர்கள். எந்த இலக்கணத்தைச் சோதிக்கிறார்கள் என்பதை விடைகளுக்குள் இருக்கும் வேறுபாடுதான் சொல்லும். ஒரே மாதிரி இருக்கிற இடம் கேள்வியே அல்ல.

காது ஏமாற்றுகிற இன்னொரு சொல் ‘ஒவ்வொரு’. ‘ஒவ்வொரு மாணவனும் குடை கொண்டுவந்தனர்’ என்று எழுதாத வகுப்பே கிடையாது. மனதில் ஒரு கூட்டம் தெரிகிறது, அதனால் பன்மை வருகிறது. ஆனால் ‘ஒவ்வொரு’ என்பதற்குள்ளேயே ‘ஒரு’ இருக்கிறது. கொண்டுவந்தான்.

“இரண்டு மிஞ்சி நிற்குது. எதைப் போடுறது?”

இரண்டு மிஞ்சியதும் பிள்ளைகள் முழு வாக்கியத்தையும் மறுபடி மறுபடி வாசிப்பார்கள். வாசிக்க வாசிக்க இரண்டுமே சரியாகத் தெரியும். அந்த நேரத்தில் வாக்கியத்தை விட்டுவிட்டு, மிஞ்சிய இரண்டு விடைகளையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதி, எந்த எழுத்தில் வேறுபடுகின்றன என்று வட்டம் போடுங்கள். பல தடவை ஒரே ஓர் ஒற்றெழுத்தில்தான் வேறுபாடு இருக்கும்.

“அக்கா காலையில் (அ) ……… பறித்தாள், மாலையில் வீட்டுக்கு (ஆ) ……… பாடம் படித்தாள்.”

(1) கொழுந்துப் – வந்து
(2) கொழுந்து – வந்துப்
(3) கொழுந்தைப் – வந்துப்
(4) கொழுந்து – வந்து

ஆ-வில் இரண்டுக்கு இரண்டு, அதனால் அங்கே தொடங்குவோம். உகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் ஒற்று மிகுமா என்று தெரிய, கடைசி எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்து, எடுத்து, போட்டு ஆகியவற்றில் முன்னால் வல்லின மெய் இருக்கிறது. அவற்றுக்குப் பின் மிகும், எடுத்துக் கொடுத்தாள் என்று வரும். வந்து, நடந்து, கொண்டு ஆகியவற்றில் முன்னால் மெல்லினம், மிகாது. செய்து போன்றவற்றில் இடையினம், அங்கும் மிகாது. ஆகவே ‘வந்துப்’ பிழை, (2), (3) இரண்டும் வெட்டு.

மிஞ்சியது (1), (4). வேறுபாடு ஒரே ஒரு ‘ப்’. என் மாணவி ஒருத்தி இங்கே (1) போட்டாள். “கொழுந்தைப் பறித்தாள் என்றுதானே சொல்லித் தந்தீங்க? அப்போ கொழுந்துக்கும் ப் வரணுமே,” என்றாள். அவளுடைய நியாயம் எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த ‘ப்’ கொழுந்துக்காக வந்ததல்ல. ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபு வெளியே தெரிந்து நிற்பதால் வந்தது. உருபு மறைந்துவிட்டால், பொருள் அதேதான் என்றாலும், பெரும்பாலும் ஒற்று மிகாது. கொழுந்து பறித்தாள், தமிழ் படித்தாள், பால் கறந்தாள். தினமும் நாங்கள் சொல்வதும் ‘கொழுந்து பறிக்க’ என்றுதான். இங்கே காதை நம்பலாம்.

இதிலே ஒன்றைக் கவனித்தீர்களா? ‘கொழுந்தைப்’ என்பது முற்றிலும் சரியான வடிவம். ஆனாலும் (3) பிழையான விடை, ஏனென்றால் அதன் மறுபாதி பிழை. இப்படி ஒரு பாதியை மிகச் சரியாகக் கொடுத்து மறுபாதியில் கவிழ்ப்பது வினா எழுதுகிறவர்களின் வழக்கமான வேலை. ஒரு விடையில் ஒரு சொல் பளிச்சென்று சரியாக இருந்தால் மற்றச் சொல்லை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

ஒற்று வினாவில் நேரம் மிச்சம் பிடிக்க ஒரு குறுக்கு வழி: கீறிட்ட இடத்துக்கு அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். அது க, ச, த, ப வரிசையில் இல்லை என்றால் வல்லின ஒற்றோடு வருகிற விடை எல்லாம் அங்கேயே விழுந்தன. விதியை யோசிக்கவே தேவையில்லை. ஒரு, ஓர் என்ற வினாவுக்கும் இதே பார்வைதான். அடுத்தது உயிரெழுத்தா என்பது மட்டும் கேள்வி.

எழுத்து வேறுபாட்டு வினாக்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ‘அதிகாலைப் ……… நனைந்தபடி அம்மா ……… புறப்பட்டார்’ என்று கொடுத்து பனியில், பணியில், பனிக்கு, பணிக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். நனைவது எதில், புறப்படுவது எதற்கு என்று பொருளைக் கேட்டால் போதும். கூரையும் கூறையும் அப்படித்தான். முன்னது வீட்டின் மேல், பின்னது மணப்பெண்ணின் மேல்.

“நாலையும் வெட்டிட்டேன், டீச்சர். ஒன்றுமே மிச்சமில்லை.”

இது நடந்தால் பயப்படாதீர்கள். பாதி வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஒரு வெட்டு மட்டும் பிழை. எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஏன் வெட்டினோம் என்று ஒரு சொல்லில் எழுதி, அந்தக் காரணங்களில் எது பலவீனமானது என்று பாருங்கள்.

“பால் கறந்து முடிந்ததும் தாத்தா பசுவின் முதுகைத் தடவி, ‘என் ராசாத்தி இன்று நிறையப் பால் (அ) ………’ என்று மகிழ்ந்து (ஆ) ……….”

(1) தந்தாள் – சொன்னது
(2) தந்தாள் – சொன்னார்
(3) தந்தது – சொன்னாள்
(4) தந்தன – சொன்னார்

விவரமான பிள்ளை ஒருவன் இதில் மாட்டிக்கொண்டான். அவன் விடைத்தாளில் நாலும் வெட்டியிருந்தது. காரணங்களை எழுதச் சொன்னேன். (1): பசு அஃறிணை, தந்தாள் பிழை. (2): அதே காரணம். (3): தாத்தா ஆண், சொன்னாள் பிழை. (4): ஒரு பசுவுக்குத் தந்தன வராது.

இப்போது காரணங்களை உரசிப் பார்த்தோம். தாத்தாவுக்கு ‘சொன்னாள்’ எந்தச் சூழலிலும் வராது. (3) செத்தது. ஒரு பசுவுக்கு ‘தந்தன’வும் அப்படியே, (4) செத்தது. (1)-இல் அவன் கவனிக்காத இன்னொரு பிழை இருந்தது. ‘தாத்தா சொன்னது’. வீட்டில் ‘தாத்தா சொல்லுச்சு’ என்போம், பாசம்தான், ஆனால் எழுத்தில் உயர்திணைக்கு அஃறிணை முடிபு. அதனால் (1)-ஐ வெட்ட இரண்டாவது காரணமும் கிடைத்தது. மிஞ்சுவது (2). அதை வெட்ட இருக்கும் ஒரே காரணம், பசு அஃறிணை என்பது.

அந்தக் காரணம் எவ்வளவு உறுதியானது? வாக்கியத்துக்குத் திரும்பிப் போனோம். பேசுகிறவர் தாத்தா. பசுவைத் தடவிக்கொண்டு பேசுகிறார். ‘ராசாத்தி’ என்கிறார். ‘மகிழ்ந்து’ என்ற சொல்லை வினாவிலேயே வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சியாலோ உயர்த்திச் சொல்வதாலோ சிறப்பித்துச் சொல்வதாலோ, கோபத்தாலோ இழித்துச் சொல்வதாலோ திணையும் பாலும் மாறி வந்தால் அதைப் பிழையாக எண்ண வேண்டாம் என்கிறது நன்னூல். திணை வழுவமைதி என்று பாடப்புத்தகத்தில் படித்ததுதான். பையனுக்கு அது மனப்பாடம். ஆனால் வினாத்தாளில் அதன் பெயரைப் போட்டுக் கேட்டிருந்தால் மட்டுமே ஞாபகம் வந்திருக்கும்.

காலத்துக்கும் இப்படி ஒரு விலக்கு உண்டு. ‘நாளை’ என்று இருந்தால் எதிர்காலம் வேண்டும் என்று வெட்டுகிறோம், அது சரியான வெட்டுத்தான். ஆனால் எதிர்கால வினை ஒரு விடையிலும் இல்லை, ‘இதோ வந்துவிட்டேன்’ மாதிரி அவசரத்தில் சொல்கிற பேச்சு வாக்கியத்துக்குள் இருக்கிறது என்றால், விரைவுக்காகக் காலம் மாறியிருக்கிறது. விலக்கைத் தேடுவது நாலும் விழுந்த பிறகுதான்; விதிப்படி ஒரு விடை நிற்கும்போது விலக்கைக் கையில் எடுத்தால் எல்லா விடையையும் நியாயப்படுத்திவிடலாம்.

நாலும் விழுந்து, காரணங்கள் எல்லாமே பலமாகத் தெரிந்தால், ‘பிழையானது எது’ என்று கேட்டிருக்கிறார்களா என்று வினாவை மறுபடி பாருங்கள். சில வேளை அதுதான் நடந்திருக்கும். அதுவும் இல்லை என்றால் மிகப் பலவீனமான காரணத்தால் விழுந்த விடைக்குப் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். வெறுமையாக மட்டும் விடாதீர்கள், விட்டால் அடுத்த விடையை அந்த வரியில் போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது.

“இரண்டு விடையும் உண்மையிலேயே சரி.”

பத்துக்கு ஒன்பது தடவை இது உண்மையில்லை. ஏதோ ஓர் இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் பத்தாவது தடவை வினா எழுதியவர் சறுக்கியிருப்பார். அப்படிச் சறுக்கிய ஆள் நான்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

மேலே முதலில் கொடுத்த தகர வினாவை நான் முதல் தடவை எழுதியபோது அது இப்படி இருந்தது: “நேற்று வீசிய காற்றில் எங்கள் லயங்களின் கூரைத் தகரம் ……….” ‘ஒன்று’ இல்லை. இரண்டாவது வாக்கியமும் இல்லை. ‘பறந்தது’ என்று எழுதியவர்களுக்குப் புள்ளி கொடுத்தேன், ‘பறந்தன’ என்றவர்களுக்கு வெட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தாளோடு வந்து நின்றாள். “டீச்சர், ‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’ இரண்டும் சரி என்று போன மாதம் சொன்னீங்களே?” என்றாள்.

சொல்லியிருந்தேன். ‘கள்’ சேராத அஃறிணை இயற்பெயர் தனியே நின்றால் ஒருமையா பன்மையா என்று தெரியாது, பால்பகா அஃறிணைப் பெயர் என்போம். வினைமுற்று வந்துதான் எண்ணைச் சொல்லும். மாடு அப்படி என்றால் தகரமும் அப்படித்தான். ஒரு தகரம் பறந்திருக்கலாம், பத்தும் பறந்திருக்கலாம். என் வாக்கியத்தில் அதைத் தீர்க்கிற சொல் எதுவும் இல்லை. அவள் வெட்ட மறுத்தது சரி, நான் வெட்டியது பிழை.

இப்படி ‘கள்’ இல்லாத அஃறிணைப் பெயர் எழுவாயாக வந்தால், வாக்கியத்தில் வேறெங்காவது எண்ணைக் காட்டும் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று, ஒரு, பல, சில, எல்லாம் போன்றவை முன்னால் இருக்கலாம். அடுத்த வாக்கியத்தில் ‘அது’ அல்லது ‘அவை’ என்று திரும்பச் சுட்டியிருக்கலாம். கீறிட்ட இடத்துக்குப் பின்னால் வருவதும் சாட்சிதான். தகர வினாவில் இப்போது ‘ஒன்று’ இல்லாவிட்டாலும் ‘அதை’ என்ற சொல்லே ஒருமை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சாட்சியும் இல்லை, இரண்டு விடைகளும் நிற்கின்றன என்றால், பரீட்சை மண்டபத்தில் செய்யக்கூடியது பெரும்பாலானவர்கள் முதலில் நினைக்கிற ஒருமையைப் போட்டுவிட்டு நகர்வதுதான். வகுப்புத் தாள் என்றால் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

அன்றிலிருந்து வினா எழுதும்போது நான் கொஞ்சம் பயப்படுகிறேன். கூடை வினாவில் ‘ஒருவர்’ என்று போடாமல் ‘ஒருத்தி’ என்று போட்டதும் அந்தப் பயத்தால்தான். ‘ஒருவர்’ போட்டிருந்தால், ‘அர்’, ‘ஆர்’ இரண்டும் பலர்பால் விகுதிகள்தானே என்று யாராவது வந்து நின்றிருப்பார்கள்.

தகர வினாவை மறுநாள் கரும்பலகையில் மறுபடி எழுதி, ‘தகரம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஒன்று’ சேர்த்தேன். பறந்தன என்று எழுதியிருந்த பதினொரு பேருடைய தாள்களையும் திரும்ப வாங்கி, புள்ளியைக் கூட்டிக் கொடுத்தேன்.